சொந்தத்தில் ஒருவர் கடன் கேட்கும்போது மறுத்துவிட்டு வேறு வகையில் உதவுவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

மதுரைப் பக்கத்தில் சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் கடன் பெரும்பாலும் கைமாற்றாகவே நடக்கிறது. பத்திரமோ தவணைத் தேதியோ இருக்காது. "கதிர் அறுத்ததும் தந்துடுறேன்" என்ற வாய்ச்சொல் மட்டும் இருக்கும். வாங்கியவரும் கொடுத்தவரும் அதே காதுகுத்திலும் அதே கோயில் கும்பிடுவிழாவிலும் அடுத்தடுத்த வரிசையில் உட்கார வேண்டியவர்கள் என்பதால், பணம் திரும்பாதபோது கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. அதனால் கடனாகக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கும் குடும்பங்கள் இன்று அதிகமாகியிருக்கின்றன. அப்படி முடிவெடுத்த ஒருவர், கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல், தன்னால் தாங்கக்கூடிய சிறிய உதவியை எப்படி முன்வைப்பது என்பதை ஒரே ஒரு நிகழ்வை வைத்து இங்கே விளக்குகிறேன்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் ஒருவர், மதுரையில் மாதச் சம்பளத்தில் இருக்கும் தன் சித்தப்பா மகனிடம் மே மாதக் கடைசியில் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். கேட்பவர் மூத்தவர், மறுக்க வேண்டியவர் இளையவர். நம் ஊரில் கடினமான நிலை இதுதான். தம்பி முறையில் இருப்பவர் அண்ணனிடம் முடியாது என்று சொல்வது பணத்தைப் பற்றிய பேச்சாக நிற்காமல் மரியாதையைப் பற்றிய பேச்சாக மாறிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு படியையும் அந்த அபாயத்தை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

கேட்ட அன்றைக்குச் செய்ய வேண்டியது

கேட்டவுடன் நம் வாயில் முதலில் வரும் சொல் "பார்க்கலாம்ணே" என்பது. அதைத் தவிர்க்க வேண்டும். சொல்பவருக்கு அது மரியாதையான மறுப்பு. கேட்பவருக்கோ அது பாதிச் சம்மதம். அவர் அதை நம்பி வேறு வழி தேடுவதை நிறுத்திவிடுவார், ஊரில் இரண்டு பேரிடம் "தம்பி தர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றும் சொல்லிவிடுவார். மூன்று வாரம் கழித்து வரும் மறுப்பு, அன்றே சொல்லியிருந்தால் ஏற்பட்டிருக்கும் வருத்தத்தைவிடப் பல மடங்கு வருத்தத்தைத் தரும். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்ச நேரத்துல பணப் பேச்சு வேண்டாம்" என்று நாள் பார்த்துத் தள்ளிப்போடுவதும் இதே வகைதான். சனிக்கிழமை காலையில் அவர் மறுபடி வருவார், இந்த முறை நம்பிக்கையோடு வருவார்.

அதற்குப் பதிலாக, ஒரு நாள் அவகாசத்தை வெளிப்படையாகக் கேட்டு வாங்குவது நல்லது. "அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் நானே நேர்ல வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி எதுக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்றால் போதும். போய்ச் சொல்லும் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்வதால் அவர் நம் வாசலில் இரண்டாம் முறை நிற்க வேண்டியதில்லை.

தொகையைப் பிரித்துக் கேட்பது

ஒன்றரை லட்சம் என்பது பெரும்பாலும் பல சிறிய செலவுகளை ஒன்றாகக் கூட்டிச் சொன்ன எண். அதைப் பிரித்தால்தான் எந்தப் பகுதிக்குப் பணமே தேவையில்லை என்பது தெரியவரும். இந்த நிகழ்வில் அண்ணன் சொன்ன கணக்கு இப்படி இருந்தது: முதல் ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் 80,000, கல்லூரிப் பேருந்து 25,000, மடிக்கணினி 35,000, புத்தகம் துணிமணி வகையில் 10,000. கடந்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்தபோது ஆன செலவை வைத்து அவரே போட்ட கணக்கு இது. எந்தக் கல்லூரியும் இன்னும் எதையும் கேட்கவில்லை.

பிரித்துக் கேட்கும்போது மூன்று கேள்விகளை விட்டுவிடக் கூடாது. எந்தப் பணம் எந்தத் தேதியில் யாரிடம் கட்டப்பட வேண்டும்? கையில் இப்போது எவ்வளவு இருக்கிறது? வேறு யாரிடம் கேட்டிருக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு அண்ணன் 30,000 இருப்பதாகச் சொன்னார். மூன்றாவது கேள்வி சங்கடமானதுதான், ஆனாலும் முக்கியமானது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே கந்துவட்டிக்கு வாங்கியிருந்து அதை அடைக்கத்தான் இந்தப் பணம் என்றால் உதவியின் வடிவமே மாறிவிடும். அந்த நிலையில் நாம் தரும் எந்தத் தொகையும் வட்டிக்கே போகும். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அவரோடு போய் நிற்பதே அப்போது உருப்படியான உதவி. இந்த அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை.

விசாரிப்பது போலக் கேட்காமல், தாளில் எழுதிக்கொண்டே கேட்பது நல்லது. எழுதும்போது பேச்சு பணக்காரன் ஏழை என்ற இடத்திலிருந்து விலகிக் கணக்குக்கு வந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

மறுக்கப் போவதற்கு முன்னால் வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, கடனாகத் தருவதில்லை என்பது இருவருடைய முடிவா என்பது. இதை ஒருவர்மீது போட்டுவிட்டு மற்றவர் நல்லவராக நிற்கக் கூடாது. "எனக்குக் கொடுக்க ஆசைதான்ணே, வீட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்குறா" என்ற ஒரு வாக்கியம், அந்தப் பெண்ணை அந்தக் குடும்பத்தின் எல்லா விசேஷங்களிலும் தனியாக நிறுத்திவிடும். இதை நம் ஆண்கள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இரண்டாவது, நமக்கும் அவருக்கும் இடையில் பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் செய்முறை என்பது கணக்கு வைத்துக்கொள்ளப்படும் ஒன்று. அண்ணன் நம் வீட்டுக் காதுகுத்துக்கு 20,000 ரூபாய் மொய் செய்திருந்தால், மொய் நோட்டில் அது பதிவாகியிருக்கும், அவருக்கும் அது நினைவிருக்கும். பேச்சின் நடுவில் "அன்னைக்கு நான் செஞ்சேன்ல" என்று அவர் சொல்லக்கூடும். அப்போது தடுமாறாமல், "அது அப்படியே இருக்குண்ணே, பாப்பா விசேஷத்துல அதுக்கு மேலயே செய்வேன், அதையும் இதையும் கலக்க வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் அவரிடம் முன்பு நாம் கைமாற்றாக வாங்கித் திருப்பித் தராத தொகை இருந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகளுக்கு இடமே இல்லை. அந்தத் தொகையை முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை உதவி என்று சொல்லவும் கூடாது.

எந்த உதவியை முன்வைப்பது

மாற்று உதவியைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். அது முழுக்க நம் கையில் இருக்க வேண்டும், இன்னொருவருடைய சம்மதத்தை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். கொடுத்த பிறகு திரும்ப வரவேண்டியது எதுவும் இருக்கக் கூடாது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஃபைனான்ஸ் வெச்சிருக்காரு, சொல்லி விடுறேன்" என்பது இந்த மூன்றிலுமே தவறுகிறது. வட்டி ஏறியதும் அந்தச் சுமை அறிமுகப்படுத்தியவர் தலையில் வந்து விழும்.

இந்த நிகழ்வில் தம்பி முன்வைத்தவை மூன்று. முதலாவது, தன் விடுப்பில் இரண்டு நாள். அதில் ஒரு நாள் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறாதிருந்து, கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால், இந்தச் சான்றிதழைக் காட்டும் மாணவருக்குத் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் வருவாய்த் துறை விசாரித்துச் சான்றிதழ் தரும். குடும்ப அட்டை, ஆதார், பெற்றோர் மற்றும் உடன்பிறந்தோரின் படிப்பு விவரம், உறுதிமொழி ஆகியவை வேண்டும். கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே இந்தச் சலுகையைக் கோர வேண்டும் என்பதால், மே மாதத்தில் செலவிடும் ஒரு நாள் ஆகஸ்டில் கொடுக்கும் பணத்தைவிட அதிகம் பயன்படும். பெண் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கே வேறு: 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கிறது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கடன் கேட்டு வருபவர்களில் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது என்பதால் பள்ளி எது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மற்றொரு நாள் வங்கிக்கு. இடம் ஒதுக்கப்பட்டதும் வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்து, அச்சுப்பிரதியோடு வங்கிக் கிளைக்கு அண்ணனுடன் போவதாகத் தம்பி சொன்னார். கிராமத்திலிருந்து வரும் ஒருவர் வங்கி மேசையின் முன் தனியாக நின்றால் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பிவிடுவார். கூட ஒருவர் நின்று, என்ன தாள் குறைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டால் அடுத்த வாரம் வேலை நகரும். சேர்க்கைக் கடிதம், கல்லூரி தரும் கட்டண விவரம், மதிப்பெண் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அண்ணனுக்கு நிலுவையில் நிற்கும் டிராக்டர் கடனோ வேறு வங்கிக் கடனோ இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடும்போது வங்கி அவருடைய பழைய கடன் வரலாற்றைப் பார்க்கும். கிளையில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொண்டுபோகலாம்.

இரண்டாவது உதவி, வீட்டில் சும்மா இருந்த நல்ல நிலையிலுள்ள மடிக்கணினி. அதைக் கொடுப்பதற்கு முன்னால் பேட்டரியை மாற்றி, பழைய கோப்புகளை அழித்துக் கொடுத்தார். மூன்றாவது, புத்தகங்களுக்கு 5,000 ரூபாய், அதுவும் பணமாக இல்லாமல் கடையில் நேராகக் கட்டி வாங்கித் தருவதாக. பணத்தைக் கையில் கொடுக்காதது அண்ணன்மீது சந்தேகம் கொண்டு அல்ல. கையில் கொடுத்த பணம், எவ்வளவு சொன்னாலும், இருவர் மனத்திலும் கடனாகவே பதிந்துவிடும் என்பதால்.

இப்போது கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். மடிக்கணினிக்கான 35,000 கணக்கிலிருந்து போய்விட்டது. புத்தகத்தில் பாதி குறைந்தது. கல்லூரிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் சலுகைக்குப் பிறகு கல்விக் கடனுக்குள் அடங்கக்கூடியவை. கடன் அனுமதியாகச் சில வாரங்கள் ஆகும், கல்லூரியோ சேரும் நாளிலேயே ஒரு தொகை கேட்கும். அந்த இடைவெளிக்கு அண்ணன் கையில் இருக்கும் 30,000 இருக்கிறது. மிச்சத்தை வங்கிக் கடன் வந்ததும் கட்டுவதாகக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்கலாம்.

நேரில் சொல்வது

தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் இதைச் சொல்லக் கூடாது. மதினி, பிள்ளைகள் முன்னிலையிலும் கூடாது. மகள் காதில் விழும்படி மறுப்பது தந்தையை அவர் வீட்டிலேயே சிறுமைப்படுத்துவது. விசேஷ வீட்டு வாசலில் நின்றும் பேச வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையோ அவர் தோட்டத்து வரப்போ போதும்.

சொல்லும் வரிசை முக்கியம். பலர் உதவிகளை முதலில் அடுக்கிவிட்டுக் கடைசியில் "ஆனா பணமா மட்டும்..." என்று இழுக்கிறார்கள். கேட்பவர் அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே காத்திருப்பதால் முன்னால் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறாது. மறுப்பை முதலில், ஒரே வாக்கியத்தில், முழுதாகச் சொல்லிவிட வேண்டும். தம்பி சொன்னது இதுதான்:

"அண்ணே, கடனா என்னால பணம் தர முடியாது. சொந்தத்துக்குள்ள கடன் கொடுக்கிறதில்லன்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணி வெச்சிருக்கோம். பாப்பா படிப்புக்கு நான் செய்யக்கூடியது மூணு இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாம் காரணங்களை அடுக்கத் தொடங்குகிறோம். வீட்டுக் கடன் தவணை போகிறது என்றால், "அடுத்த மாசம் குடு" என்று பதில் வரும். பையனுக்கு ஃபீஸ் கட்டினோம் என்றால், "அதுபோக இருக்கிறதக் குடு" என்று வரும். ஒவ்வொரு காரணமும் அவருக்குத் தீர்க்கக்கூடிய ஒரு தடையாகவே தெரியும். ஒரே காரணம், அதுவும் உண்மையான காரணம், போதுமானது. "கையில பைசா இல்ல" என்ற பொய்யை அறவே சொல்லக் கூடாது. அடுத்த மாதம் நம் வீட்டு வாசலில் புது வண்டி நிற்பதை ஊரே பார்க்கும்.

பிறகு அந்தக் கணக்குத் தாளை எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே என்ன வழி என்பதைக் காட்டினார். அண்ணன் முதலில் தாளைப் பார்க்கவே இல்லை. டீ ஆறிப்போனது. சான்றிதழ் விஷயம் வந்தபோது மட்டும், "இதெல்லாம் எனக்கு யாருமே சொல்லலையேப்பா" என்றார்.

கேட்பது வடிவம் மாறி வரும்போது

மறுத்த பிறகு அதே கோரிக்கை வேறு உருவில் வரும். அது தந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தவித்துக்கொண்டிருப்பவர் கிடைக்கிற கதவையெல்லாம் தட்டுவார். ஆனால் அந்த உருவங்களை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாதியாவது குடு" என்பது முதலாவது. அதற்கு முதல் வாக்கியத்தையே அதே சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். சொற்களை மாற்றினால் பேரத்துக்கு இடம் இருப்பதாகத் தோன்றும். "நகையக் குடு, கூட்டுறவு பேங்க்ல வெச்சு எடுத்துக்கிறேன், அறுவடைக்குத் திருப்பித் தந்துடுறேன்" என்பது இரண்டாவது. வட்டியும் மீட்கும் தேதியும் சேர்ந்த முழுக் கடன் அது. பல வீடுகளில் ஏல நோட்டீஸ் வந்த பிறகுதான் நகை எங்கே இருக்கிறது என்பதே தெரியவருகிறது. நம் பெயரில் தவணையில் மடிக்கணினி எடுத்துத் தருவது, நம் பெயரில் இருக்கும் சீட்டை எடுத்துக் கொடுப்பது, நம் காசோலையைப் பிணையாகக் கொடுப்பது எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை. காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் வழக்கு கையெழுத்துப் போட்டவர்மீதே வரும்.

இவற்றில் மறுக்க மிகவும் கடினமானது ஜாமீன் கையெழுத்து, ஏனென்றால் அதற்கு அன்றைக்குக் காசு எதுவும் செலவாகாது. "பணம்தான் தரல, ஒரு கையெழுத்துப் போடக்கூடவா முடியாது?" என்று அண்ணன் கேட்டார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் கொடுத்தவர் முதலில் வாங்கியவரைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அதை அண்ணனிடம் சட்டமாக எடுத்துச் சொன்னால் பேச்சு கசந்துவிடும். தம்பி வேறு வழியில் பதில் சொன்னார்: "படிப்புக் கடனுக்கு ஜாமீனே வேண்டாம்ணே. நாலு லட்சம் வரைக்கும் அப்பா கையெழுத்தே போதும்." அது உண்மை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையும் இல்லை, மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராக இருந்தால் போதும். தன் உதவியைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்ததால் மட்டுமே இப்படி ஒரு பதிலை அவரால் சொல்ல முடிந்தது.

சொன்னதைச் செய்வதும் அதன் எல்லையும்

மறுப்பைத் தாங்கிக்கொண்டவர் இனி நம் சொல்லைச் சோதித்துப் பார்ப்பார். ஆகவே சொன்ன உதவியில் ஒன்றையாவது ஒரு வாரத்துக்குள் செய்து முடித்துவிட வேண்டும். மடிக்கணினியை அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார் தம்பி. "வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லியிருந்தால் அண்ணன் வந்திருக்கவே மாட்டார்.

வங்கிக்குப் போகும் நாளை அண்ணன் இரண்டு முறை தள்ளிப்போட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்தினால் உதவி கட்டாயமாகிவிடும். அவருக்கு வேண்டியது பணம் மட்டுமே, படிப்புச் செலவு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது என்பதும் சில நேரம் இப்படித்தான் தெரியவரும். அப்போதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. இரண்டு நாள் விடுப்பை நம் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சு நடந்ததை வேறு சொந்தக்காரர் எவரிடமும் சொல்லக் கூடாது. உதவியதையும் சொல்லக் கூடாது, ஏனென்றால் உதவியதைச் சொன்னால் எதை மறுத்தோம் என்பதும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அடுத்த விசேஷத்தில் வழக்கம்போல் முன்னால் போய் நின்று, முன்பு முடிவு செய்த செய்முறையைக் குறையாமல் செய்ய வேண்டும்.

எல்லா நேரத்துக்கும் இந்த முறை பொருந்தாது. அரசு இராசாசி மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்துவிட்டு வாசலில் நின்றபடி கேட்பவரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்க முடியாது. அங்கே தாங்கக்கூடிய தொகை எதுவோ அதை, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து, காப்பீட்டுப் பிரிவுக்குக் கூட்டிப் போவதுதான் முதல் வேலை.

அண்ணன் மகளின் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும் நேரத்தில் அவர் மறுபடி கேட்கலாம். கல்விக் கடன் ஒரே தவணையாக வருவதில்லை, ஒவ்வொரு ஆண்டும் மதிப்பெண் பட்டியலையும் கட்டண விவரத்தையும் வங்கியில் கொடுத்து அடுத்த தவணையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்தத் தாள்கள் போகாததால்தான் பணம் நிற்கிறது. ஆகவே ஜூன் மாதத் தொடக்கத்தில், அவர் கேட்பதற்கு முன்னால், "பாப்பா மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டீங்களாண்ணே?" என்று நாமே ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.